விழித்திருந்து பார்த்த விடியல்

பேருந்து ஓட்டுநர் ஆண்டுதோறும் விரதமிருந்து, கோயிலில் இரவு முழுக்கக் கண் விழிக்க உட்காருவார். ஆனால் மூன்று மணிக்கெல்லாம் தூணில் சாய்ந்து குறட்டை விடுவார். விடியல் பூஜையை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இரவுப் பணியில் பழகிய நர்ஸ் தங்கை இந்த முறை விடவில்லை.

"அண்ணே, வீராப்ப மூட்டை கட்டு. மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கு. அப்பப்போ தண்ணி குடி. மறுநாள் வண்டிய எடுக்காதே, லீவு போடு."

"விரத நாள்ல பகல்ல தூங்கினா சாமி கோவிச்சுக்காதா?"

"உன் குறட்டைக்கே கோவிச்சுக்காத சாமி, இதுக்கா கோவிச்சுக்கும்?"

அவர் தூங்கி எழுந்துதான் கோயிலுக்குப் போனார்.

மூன்று மணி தாண்டியும் அவர் கண் மூடவில்லை. விடியலில் கருவறைக் கதவு திறந்தது. தீபங்களின்மேல் முதல் வெளிச்சம் விழ, நூறு குரல்கள் ஒன்றாய் எழுந்தன. அவருக்கு மெய்சிலிர்த்தது.

"அடேயப்பா! இதையா இத்தனை வருஷம் தூங்கித் தொலைச்சேன்?"

கைகூப்பவும் மறந்து நின்றார்.