அணைக்காமல் விட்ட விதி

என் வீட்டுக்காரர் இறந்து நாற்பதாம் நாள், அவருடைய குறிப்புச் செயலியில் புதுக் குறிப்பு ஒன்று வந்து விழுந்தது.

மொழிபெயர்ப்பாளர், மறதிக்குப் பேர்போன மனிதர். அதனால் சாட்பாட் என்னும் பேசும் இயந்திரத்தோடு பேசும் ஒவ்வொரு உரையாடலும் முடிந்ததும் தானாகவே குறிப்பாகிவிடும்படி ஆட்டோமேஷன் விதி ஒன்று போட்டு வைத்திருந்தார். அந்தக் குறிப்புகள் என் போனிலும் தெரியும். விதியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆள் போயும் அது பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருந்தது.

திறந்தேன்.

"என் அப்பாவோட பழைய குறிப்பெல்லாம் கீழ ஒட்டியிருக்கேன். அவர் மாதிரியே பேசு."

மகள்தான். அப்பாவின் கணினியில், அவர் கணக்கிலேயே நுழைந்திருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவரைப் பொம்மையாக்கி விளையாடுகிறாளா? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க எழுந்தபோது அடுத்த வரி கண்ணில் பட்டது.

"அப்பா, அம்மா ஏன் ஒரு சொட்டுகூட அழல? கல்நெஞ்சா?"

"இல்லடா கண்ணு. உங்கம்மா குழாயத் திறந்துவிட்டுட்டு குளியலறைல அழுவா. நமக்குக் கேக்காதுன்னு நினைச்சுக்குவா."

இயந்திரத்தின் கற்பனையாக இருக்கும் என்று நினைத்துப் பழைய குறிப்புகளில் தேடினேன். போன வருடத்துக் குறிப்பு ஒன்றில், இதையே அவர் எழுதியிருந்தார். இருபது வருடமாக என் அழுகையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காத மனிதர், அந்த இயந்திரத்திடம் சொல்லியிருக்கிறார்.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். குழாயைத் திறக்கக் கையை நீட்டினேன்.

வெளியே மகளின் காலடி வந்து நின்றது.