முப்பத்தாறு நாள் பிள்ளை

அன்று காலை குழந்தைகள் வார்டில் இருந்தவர்கள்: டாக்டர் நஜீபா, நர்ஸ் உல்ஃபத், தகப்பன் முக்பில், அவன் அக்கா தகிய்யா, ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றப் போன நான், முப்பத்தாறு நாள் பிள்ளை கம்தான். பெற்றவள் அர்வா இல்லை. இப் என்கிற எங்கள் மலை ஊரில் பிரசவமாகி நாற்பது நாள் முடியாமல் தாயும் பிள்ளையும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. பிள்ளை துவண்டுபோனதால் அவனை மட்டும் தூக்கி வந்திருந்தார்கள்.

"எத்தன நாளா வாந்தி?" என்று கேட்டார் டாக்டர்.

"பதினொரு நாளு," என்றாள் தகிய்யா. "பீச்சி அடிப்பான். பாக்க வந்தவ பட்டுப்பாவாட நனைஞ்சுபோச்சு. ஆம்பளச் சிங்கம், அதான் இந்த வேகம்னு சிரிச்சோம்."

"பச்சையா வந்துச்சா?"

"வெறும் பாலு. கக்கின கையோட திரும்பப் பசிக்கும். இப்பதான் கத்தவே மாட்டேங்குறான்."

"மூத்திரம்?"

"நேத்துக் காலைல... போனான்னு நெனைக்கிறேன்."

பிறந்தபோது மூன்றேகால் கிலோ. இப்போது இரண்டரை. உச்சிக்குழி விழுந்திருந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு புடைப்பு இடமிருந்து வலமாக ஊர்ந்துபோய் அடங்கியது. டாக்டர் வலது விலாவுக்குக் கீழே விரல் வைத்து அழுத்தினார்.

"ஆலிவ் கொட்டை மாதிரி இருக்கு. இரைப்பைலேர்ந்து குடலுக்குப் போற வழி தடிச்சு அடைச்சிடுச்சு."

"அறுத்துடுங்க டாக்டரம்மா," என்றான் முக்பில். "வீட்ட வித்தாவது..."

"அறுக்கிறது அரமணி வேல. சரியாயிடும். ஆனா இன்னைக்கு அறுத்தா மயக்க மருந்துக்கு அப்புறம் மூச்சு திரும்பாது. ரத்தத்துல இருக்க வேண்டிய உப்பு, புளிப்பு எல்லாம் வாந்தில போயிடுச்சு. அத ஏத்தி நேராக்கணும். ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா..."

"அர்வா அன்னைக்கே சொன்னா," என்று முக்பில் அக்காவைப் பார்த்தான். "கால்ல விழுந்து சொன்னா. நீதான் நாப்பது முடியட்டும்னே."

"ஊர்ல எல்லாரும் அப்படித்தானேடா. நீயும்தான தலைய ஆட்டினே?"

நரம்பு எதுவும் அகப்படவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசி இறக்கி உப்புநீர் ஏற்றினார்கள். உல்ஃபத் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையை வடித்தாள். தயிராகத் திரிந்த பால் வந்தது. பதினொரு மணிக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. டாக்டர் முகமூடியோடு சேர்ந்த காற்றுப் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார். பன்னிரண்டுக்கு முன் இதயம் நின்றது. அரை மணி நேரம் மார்பை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார்.

வண்டியில் என்னையும் அனுப்பினார்கள். முக்பில் மடியில் துணிச்சுருள்.

அர்வா தெருவில் நின்றிருந்தாள். சட்டையின் முன்புறம் பாலில் நனைந்திருந்தது.

"குடிக்கக் குடுத்தாங்களா அவனுக்கு?"

அவள் சுருளை வாங்கினாள். கனம் பார்த்தாள். தெரிந்துகொண்டாள்.

"அர்வா, கண்ணு, கேளும்மா," என்று தகிய்யா அருகே போனாள். "குளிப்பாட்டணும், இன்னைக்கே அடக்கணும்."

"தள்ளு."

பிள்ளையோடு உள்ளே போனாள். கதவு மூடியது. உள்ளிருந்து இரும்புத் தாழ்ப்பாள் விழுந்தது.