ஆறு பேண்டும் செயின் கிரீஸும்

பார்சல் கம்பெனி நஜீம் ஒரு சாக்கைக் கொண்டுவந்து சலவைக்கடை மேசையில் கொட்டியபோது ஒச்சம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கொட்டியது என்னவோ ஆறு அழுக்குப் பேண்ட்தான். அத்தனையும் சாம்பல் நிறம், அத்தனையிலும் இடது கால் நுனியில் பைக் செயினின் கிரீஸ், கறுப்பாக, கெட்டியாக. ஒன்றில் மட்டும் போனஸாக முழங்காலில் எஞ்சின் ஆயில் வேறு.

"அக்கா, நம்ம பையன்மாரோட பைக் எதுலயும் செயின் கவர் கிடையாது. ஸ்டைலாம். மட்டாஞ்சேரிலேர்ந்து காக்கநாடு வரைக்கும் போயிட்டு வந்தா இந்தக் கோலம். ரெண்டு லாண்டரில கொடுத்துப் பார்த்தாச்சு, போகலை. இது கழிச்சுப் போட்ட பழைய பேண்ட்தான், பயப்பட வேண்டாம். இத நீங்க போக்கிக் காட்டினா, வாரா வாரம் நாப்பது பேண்ட் உங்களுக்கு. வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்குக் கொண்டு வாங்க" என்றான் நஜீம். கொடுத்த சாயாவைக்கூட முழுசாகக் குடிக்காமல் போய்விட்டான்.

வாரம் நாற்பது பேண்ட் என்றால் ஒச்சம்மாளுக்கு அது துணிக்கணக்கு இல்லை, ஊர்க்கணக்கு. சுற்றியிருந்த ஹோம்ஸ்டேக்காரர்கள் ஒவ்வொருவராக வாஷிங் மெஷின் வாங்கிப் போட்டுவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் புது வேலை வராவிட்டால் கடையை மூடிவிட்டுப் பரமக்குடியில் தன் அண்ணனின் டைல்ஸ் கடைக்குப் போய்விடுவதென்று அவள் கணவன் முத்துராமலிங்கம் முடிவே கட்டிவிட்டான். ஒச்சம்மாள் மட்டாஞ்சேரியில் பிறந்தவள். பஸ் போர்டை மலையாளத்தில்தான் படிப்பாள். பரமக்குடிக்கு மூன்று முறை போயிருக்கிறாள், மூன்று முறையும் அந்த அண்ணன் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கே கூச்சப்பட்டுத் திரும்பியிருக்கிறாள். அந்த வீட்டின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளுவதைவிடக் காயலில் குதிக்கலாம் என்பது அவளுடைய தெளிவான கருத்து. அதைக் கணவனிடம் பலமுறை சொல்லியும் இருக்கிறாள்.

முத்துராமலிங்கம் ஒரு பேண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ப்பூ, இவ்வளவுதானா? முதல்ல தண்ணி, அப்புறம் காரம், அப்புறம் கல்லு. எங்கப்பா காலத்துலேர்ந்து இதுதான். இதுக்கு மசியாத கறை ஒண்ணு இன்னும் பொறக்கல" என்றான்.

சும்மா சொல்லக் கூடாது, கை தேர்ந்த தொழிலாளிதான். மீன்குழம்பு, மாங்காய்ப்பால், வெற்றிலைச் சாறு எல்லாவற்றையும் கல்லில் அடித்தே ஊரைவிட்டு ஓட்டியவன். ஆனால் துணி வந்ததும் அதைத் தொட்டியில் முக்கிவிட வேண்டும் அவனுக்கு. முக்காவிட்டால் கை நடுங்கும். குடிகாரனுக்குச் சாயங்காலம் வருகிற மாதிரி.

"இதுக்குத் தண்ணி வைக்கப்படாதுங்க" என்றாள் ஒச்சம்மாள். "குழம்பு எண்ணெய்னா சோடாக்காரம் கரைச்சிரும். இது மிஷின் எண்ணெய். காரமாவது, மண்ணாவது, இது எதையும் மதிக்காது. காய்ஞ்ச துணியில வச்சே இதக் கிளப்பணும். என் மொபெட் செயின்ல பட்டு எத்தனை சுடிதார் பேண்ட்டு நாசமாச்சு, எனக்குத் தெரியாதா?"

"மொபெட் ஓட்டுனா சலவை வந்துருமா? அப்ப பஸ் டிரைவர்லாம் என்ன, தையக்காரனா?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியாது. ஆனால் வாதத்தில் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருந்ததில் அவனுக்கு அன்று முழுக்க நிம்மதி.

புதன்கிழமை காலையில் ஒச்சம்மாள் இரண்டு கறையும் இருந்த அந்த மோசமான பேண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்டிக் காம்பால் கெட்டிக் கிரீஸை வழித்தெடுத்தாள், தேய்க்கவில்லை. தேய்த்தால் அது பக்கத்து நூலுக்கும் குடியேறிவிடும். முழங்கால் ஆயிலின் மேல் முகப்பவுடரைக் கொட்டி உறிஞ்ச விட்டாள், அரை மணி கழித்து உதறினாள். கால் நுனியில் மிச்சமிருந்த கறுப்பின் மேல் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு விரலால் மெல்ல இளக்கினாள். பேண்டை உட்புறம் வெளியே திருப்பி, காலுக்குள் பழந்துணியைச் செருகி, கறை அதன் மேல் கவிழ்ந்து படியும்படி வைத்து, முதுகுப் பக்கத்திலிருந்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். பழந்துணி கறுத்தது, இடத்தை மாற்றினாள், மறுபடி கறுத்தது. பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஆயில், கிரீஸ் இரண்டின் மேலும் ஊற்றி, பழைய டூத்பிரஷ்ஷால் நீவி, அரை மணி நேரம் ஊற விட்டாள். அதற்கப்புறம்தான் தண்ணீர், அதுவும் கை பொறுக்கும் சூட்டில். வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஒரு நிழல் பாக்கி. இன்னொரு முறை சோப்பு, இன்னொரு அரை மணி. பேண்ட் பளிச்.

அதை நிழலில் போட்டுவிட்டுத் திரும்பி முத்துராமலிங்கத்திடம் சொன்னாள்: "கண்ணாரப் பாத்தீங்கல்ல? மிச்சம் அஞ்சையும் நான் வந்து செய்யறேன். கோட்டைப் பக்கம் ஹோம்ஸ்டேக்குப் போய் துணி கொடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் அதுக மேல கைய வைக்காதீங்க. முக்கியமா சூடு படப்படாது. கறை போச்சான்னு பார்க்காம இஸ்திரி போட்டா அது சாகற வரைக்கும் போகாது."

"சரி சரி" என்றான் முத்துராமலிங்கம்.

கணவன் ஒரு 'சரி' சொன்னால் நம்பலாம், இரண்டு 'சரி' சொன்னால் நம்பக் கூடாது என்பது கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் போனாள் பாருங்கள், அவளைச் சொல்ல வேண்டும்.

போன இடத்தில் ஒரு ஹோம்ஸ்டேக்காரி படுக்கை விரிப்புகளை எண்ணி எடுத்துத் தர மூன்று மணி நேரம் ஆக்கினாள். ஒச்சம்மாள் திரும்பி வந்தபோது மேசையில் ஐந்து பேண்டும் மடிப்புக் கலையாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முத்துராமலிங்கம் தேய்ப்புப் பெட்டியை ஓரம் வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு பெருமை வேறு.

அவள் மேலே இருந்த பேண்டைப் பிரித்தாள். கிரீஸின் கறுப்பு வெளிறி, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகப் பரவி, இஸ்திரிச் சூட்டில் நன்றாகச் சமைந்து போயிருந்தது. இரண்டு காலையும் சேர்த்து மடித்துக் கல்லில் அடித்திருக்கிறான். அதனால் இடது காலில் மட்டும் இருந்த கறை வலது காலுக்கும் வந்துவிட்டது. ஐந்திலும் இதே கதை.

"அட பாவி மனுஷா! ஒரு காலுக்கு இருந்த கறைய ரெண்டு காலுக்கும் பங்கு வச்சிருக்கியே! எதுக்குய்யா தொட்ட?"

"உனக்கு வேலை மிச்சமாகட்டும்னுதான்..." என்று ஆரம்பித்தவன் அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். ஒச்சம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பேண்டுக்காக அழவில்லை. பரமக்குடிக்காக அழுதாள், வாய்விட்டே அழுதாள். சாயங்காலம் முழுக்க அந்த ஐந்தையும் தேங்காயெண்ணெயும் சோப்புமாகப் போராடிப் பார்த்தாள். பாதிக்கு மேல் அசையவில்லை.

மறுநாள் காலை முத்துராமலிங்கம் தொண்டையைச் செருமினான். "ஒண்ணு செய்யலாம். நல்ல பேண்ட்ட மேல வச்சுக் கட்டுவோம். அவன் மேல இருக்கறதத்தான் பார்ப்பான்."

"அடுத்த வாரம் நாப்பது வருமே, அப்ப எதுக்கு மேல எத வைப்ப? கிளம்பு. நீயும் வா. நீ செஞ்சத நீயே சொல்லு."

மனைவியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போவது முத்துராமலிங்கத்துக்கு அதுதான் முதல் தடவை. போதாததற்கு, ஆபீசுக்குப் போகிறோமே என்று துவைத்துக் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி. வேட்டியை மடித்துக் கட்டச் சொன்னாள். பெண்டாட்டிக்குப் பின்னால் முழங்கால் தெரிய உட்கார்ந்தால் பஜாரில் என் மரியாதை என்ன ஆவது என்று வேட்டியைக் கணுக்கால் வரை தழைய விட்டுக்கொண்டு ஏறினான். மிளகுக் கிடங்குத் தெருவில் ஒரு லாரிக்கு ஒதுங்கும்போது பின்னாலிருந்து ஒரு சின்ன 'சர்ர்' கேட்டது. அவன் வேட்டி நுனியை வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டான்.

ஆபீசில் நஜீம் முதலில் நல்ல பேண்டைத்தான் எடுத்தான். முழங்காலைப் பார்த்தான், கால் நுனியைத் திருப்பிப் பார்த்தான். "அக்கா! இதுவா அந்த ஆயில் பேண்ட்டு? கொள்ளாமே, நல்லா வந்திருக்கே!" என்றான்.

ஒச்சம்மாளுக்கு அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளத்தான் ஆசை. துணிக்கட்டை அப்படியே கொடுத்துவிட்டு ஓடிவிடலாம். ஆனால் கை மற்ற ஐந்தையும் மேசையில் பரப்பிவிட்டது. "அது நான் போக்கினது தம்பி. இந்த அஞ்சும் போகலை. இஸ்திரி போட்டுச் சுட்டாச்சு. இனிப் போகும்னு சொன்னா பொய்."

நஜீமின் முகம் விழுந்தது. "ஆறுல ஒண்ணுன்னா... நாப்பதுல என்ன கணக்காகும்? இத யார் செஞ்சது?"

பதில் சொல்ல வேண்டியவன் அங்கே இல்லை. திரும்பிப் பார்த்தால், வாசலோரக் குழாயடியில் முத்துராமலிங்கம் குனிந்து நிற்கிறான். வெள்ளை வேட்டியின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் செயின் கிரீஸ், பல் பல்லாகப் பதிந்திருந்தது. ஒரு கையில் வேட்டி நுனி, இன்னொரு கை குழாயைத் திறக்கப் போகிறது. முப்பது வருஷப் பழக்கம் இல்லையா.

"தண்ணி வைக்காத!" என்று ஒச்சம்மாள் போட்ட கத்தலில் பார்சல் பையன்கள் நாலு பேர் திரும்பினார்கள்.

கை குழாயின் மேல் அப்படியே நின்றது. முத்துராமலிங்கம் குழாயைப் பார்த்தான், வேட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இத்தனை பேர் முன்னால் ஒரு ஆம்பளை என்ன செய்ய முடியும்? திறந்தால் மானம் மிஞ்சும், திறக்காவிட்டால் வேட்டி மிஞ்சும். மெல்லக் கையை எடுத்தான். நஜீமிடம் வந்து, "அந்த அஞ்சும் நான்தான் தம்பி கெடுத்தேன். இவ படிச்சுப் படிச்சுச் சொன்னா, நான் கேக்கல. நாப்பதும் இவ கையிலதான் கொடுக்கணும். இவ சொல்றத நான் செய்யறேன்" என்றான்.

நஜீம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, நீங்க போக்கற வித்தைய என் கண்ணு முன்னால இந்த வேட்டில காட்டுங்க, பார்க்கறேன்" என்றான்.

சாயா போடும் மூலையிலிருந்து ஒரு ஸ்பூனும் பாத்திர சோப்பும் வந்தன. முத்துராமலிங்கம் ஒரு ஸ்டூலில் உட்கார, வேட்டி நுனி இன்னொரு ஸ்டூலில் செய்தித்தாளின் மேல் கிடந்தது. ஒச்சம்மாள் வழித்தாள், ஒற்றினாள், தாளை மாற்றினாள், மறுபடி ஒற்றினாள். சோப்பைக் காய்ந்த துணியில் ஊற்றி விரலால் நீவினாள். செய்தித்தாளில் கறுப்பு இறங்க இறங்க நஜீம் குனிந்து குனிந்து பார்த்தான். பையன்கள் தங்கள் இடது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"திங்கக்கிழமை வண்டி அனுப்பறேன் அக்கா. நாப்பதும் அனுப்பறேன்" என்றான் நஜீம்.

ஒச்சம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைக்கலாமென்றால் கையெல்லாம் கிரீஸ். அப்படியே நின்றாள்.

இடுப்பில் கட்டிய வேட்டியின் நுனி ஸ்டூலில் கிடக்க, எழ முடியாமல், நகர முடியாமல், அத்தனை பேருக்கும் நடுவில் முத்துராமலிங்கம் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கிக் கேட்டான்.

"இப்பத் தண்ணி வைக்கலாமா?"

"இன்னும் பத்து நிமிஷம்" என்றாள் ஒச்சம்மாள்.

"சரி" என்றான், ஒரே ஒரு தடவை.