பன்னிரண்டாயிரம் வாட்ஸ்

வீரமணி புதிதாக வாங்கிய பாட்டுப் பெட்டியின் முகப்பில் ‘12,000 வாட்ஸ்’ என்று தங்க நிறத்தில் போட்டிருந்தது. அதை நம்பித்தான் அவன் வாங்கினான். அதை நம்பித்தான் வடக்கனந்தல் கொளஞ்சியம்மாளும் தன் மகள் காதுகுத்துக்கு அவனைப் பேசியிருந்தாள். பெட்டி வந்து இறங்கியதும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வயரிங் வேலை செய்கிற என்னைக் கூப்பிட்டாள்.

“பூமாலண்ணா, அம்மாம் பெரிய பெட்டிக்கு எங்க வூட்டு பீஸு தாங்குமா?”

“வாட்ஸ வூட்டு வோல்டேஜால வகுத்தா ஆம்பியர் வந்துடும்” என்று சொல்லி, பன்னிரண்டாயிரத்தை இருநூற்று முப்பதால் வகுத்தேன். “அம்பத்திரண்டு! உங்க ஹால் லைனுக்கு இருக்கறது அஞ்சு ஆம்பியர் பீஸு.”

“பெருசா ஒண்ணு போடுங்களேன்.”

“போட்டா பீஸு போவாது. செவுத்துல கீற வயரு எரியும்.”

“அப்ப இந்தப் பெட்டியே வேணாம். தமிழரசன் செட்டக் கூப்ட்டுக்கறேன்.”

வீரமணிக்கு வேர்த்துக் கொட்டியது. சுற்றுவட்டார விசேஷமெல்லாம் தமிழரசனுக்கே போய்க்கொண்டிருந்தது. இவனுக்குக் கிடைத்த முதல் விசேஷம் இதுதான். இதுவும் கைநழுவினால் பெட்டிமேல் துணி மடித்து வைக்க வேண்டியதுதான். எனக்கே பாவமாகப் போயிற்று. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: 230 வோல்ட், 60 வாட்ஸ்.

அறுபதை வகுத்தேன். கால் ஆம்பியரைச் சற்றே தாண்டியது.

“முன்னாடி போட்டுகினு கீறது விளம்பரம். நெசமா இழுக்கறது இம்மாந்தான். இருக்கற பீஸே தாராளம்” என்றேன்.

வீரமணி தலையைக் குனிந்துகொண்டான். கொளஞ்சியம்மாள் என்னை வாசலுக்கு இழுத்துப் போனாள்.

“அறுபதா? வெளிய சொல்லாதீங்கண்ணா. நாத்தனாருங்க எல்லார்கிட்டயும் பன்னெண்டாயிரம்னு பீத்திட்டேன்!”

காதுகுத்தன்று கூட்டம் நிறைந்த நேரத்தில் பாட்டு, ஃபேன், சீரியல் விளக்கு எல்லாம் ஒன்றாக நின்றன. ஓடிப்போய்ப் பார்த்தால் பீஸ் கம்பி உருகிக் கிடந்தது. நாத்தனார் குஞ்சம்மாள் காபிக்குப் பால் காய்ச்ச, இரண்டாயிரம் வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பை ஹால் பிளக்கில் சொருகியிருந்தாள். அடுப்பு மட்டுமே ஒன்பது ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும். அதைச் சமையலறையின் பெரிய பிளக்குக்கு மாற்றிவிட்டு, அதே அஞ்சு ஆம்பியர் கம்பியைக் கட்டினேன்.

திரும்பி வந்தால் பந்தலில் ஒரே பேச்சு.

“பெட்டி வூட்டு பீஸையே புடுங்கிடுச்சு பாரேன்! பன்னெண்டாயிரம்னா சும்மாவா?”

அடுப்பைச் சொருகிய குஞ்சம்மாளே வாய் பிளந்து தலையாட்டினாள். அங்கேயே நாலு பேர் வீரமணியின் போன் நம்பரை வாங்கினார்கள். எனக்கு வந்ததே எரிச்சல்! உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கொளஞ்சியம்மாள் அதில் ஒரு முழு ஜாங்கிரியைத் திணித்தாள்.

அடுத்த விசேஷத்துக்கு வீரமணி பெட்டியோடு வந்து இறங்கினான். கூடவே ஒரு புது இண்டக்‌ஷன் அடுப்பும் இருந்தது.