மூன்றாவது வழி

கந்தப்பன் மேசன் அந்தச் சிமெந்துத் துண்டை என் கையில் வைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மீதல்ல, அந்த வளைவின் மீது.

மடுல்சீமையிலிருந்து, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வீடு கட்டும் வேலைத்தளத்துக்குப் போக இருப்பது ஒரே பாதை. அதில் போக்குக்குழாய் புதைத்த ஒரு வளைவு. குழாய் மண்ணால் அடைபட்டு, தண்ணீர் பாதைக்கு அடியிலேயே வழி தேடிக்கொண்டது. மேலே ஒரு வெடிப்பு. கந்தப்பன் அதன் குறுக்கே கொஞ்சம் சிமெந்தைப் பூசி, ஈரமாக இருக்கும்போதே தேதியைக் கீறிவைத்திருந்தார். பாதை அசைந்தால் பூச்சு உடையும்.

"மொதப் பூச்சு ஒடைய பதினோரு நாளு ஆச்சு மிஸ். ரெண்டாவது ஆறு நாளு. இது நேத்து ஒடைஞ்சது, மூணே நாளு. இன்னும் மழையே தொடங்கல."

பாதை அலுவலகத்துப் பொறியியலாளரை அழைத்துவந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, நல்ல மழை பெய்தால் தாங்காது என்றார். திருத்துவதெல்லாம் மழைக்காலம் முடிந்து தையில்தான் என்று எழுதியும் கொடுத்தார்.

பதினாறு வீடுகளுக்கும் சுவர் எழும்பி நின்றது. கூரை மட்டும் இல்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயம் இருந்த இடத்திலேயே புது வீடுகள் கட்டியதால் லயத்தை ஆடியிலேயே இடித்துவிட்டோம். பதினாறு குடும்பங்களும் விளையாட்டு மைதானத்தில் தறப்பாள் கொட்டில்களில் இருந்தன. கூரைத் தகரம் முழுக்க பதுளையில், ஜௌபர் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடையில் அடுக்கிக் கிடந்தது. தன் சொந்தக் காசில் வீடு கட்டித் தருபவர் அவர்தான்; வேலையைக் கவனித்து அவருக்கு அறிக்கை அனுப்புவது நான். நவம்பர் ஒன்பது, அவருடைய வாப்பா இறந்த நாள். அன்றைக்கு ஒரே லொறியில் பதினாறு வீட்டுத் தகரத்தையும் கொண்டுவந்து தன் கையால் கொடுப்பது அவர் நேர்ந்துகொண்ட நிய்யத்து. அதை யாரும் மாற்றச் சொன்னதில்லை. கொடுக்கிற மனிதரிடம் கெட்ட செய்தி சொல்வது எங்கள் ஊரில் மரியாதைக்கேடு. மாதா மாதம் நானும் "வேலை நல்லபடியாக நடக்கிறது" என்றுதான் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்தச் சிமெந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இனி அப்படி எழுத முடியாது. ஒக்டோபர் ஆறாம் திகதி காலை, கடை திறந்த கையோடு போய்விட்டேன்.

"வாங்க றஷீனா மகள், தேத்தண்ணி குடிங்க. வீடெல்லாம் எப்படி?"

துண்டை அவர் மேசையில் வைத்தேன். பக்கத்தில் பொறியியலாளரின் கடிதம், அதற்குப் பக்கத்தில் நான் தட்டச்சு செய்த இரண்டு பக்கங்கள். எதனால் பாதை தாழ்கிறது, எவ்வளவு வேகமாக, மழை எப்போது, பாதை போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஹாஜியார், தகரம் அங்க போறதுக்கு முந்திப் பாத உடைஞ்சா, தை மாசம் வரைக்கும் அந்தச் சனத்துக்குக் கூரை இல்ல. கொட்டிலு பெரிய மழைக்குத் தாங்காது. கைப்புள்ளகாரிகள் நாலு பேர் இருக்காங்க."

அவர் முகம் சுருங்கியது. "நல்ல காரியம் ஒண்டுல இப்படி எடுத்த எடுப்புல பேசலாமா மகள்?"

"இன்னும் மூணு கிழம பொறுத்தா பேசிப் பிரயோசனமில்ல. அதான் இப்பவே வந்தேன்."

காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். அதில் மூன்று வழிகள் எழுதியிருந்தேன். முதலாவது, பாரம் குறைவாக இருக்கும்படி சின்ன லொறியில் நான்கு நடையாக இந்தக் கிழமையே எல்லாத் தகரத்தையும் அனுப்பி உடனே கூரை போடுவது. நவம்பர் ஒன்பதில் ஹாஜியார் வந்து சாவியைக் கொடுத்தால் போதும். இரண்டாவது, தேதியைத் தைக்குத் தள்ளிவைத்து, மழைக்கு முன்பே குடும்பங்களை வளைவுக்கு அப்பால், மடுல்சீமைப் பக்கம் இருக்கும் தோட்டப் பாடசாலை மண்டபத்துக்கு மாற்றுவது. மூன்றாவது, எட்டு வீட்டுத் தகரத்தை இப்போதே அனுப்பிவிட்டு, மீதி எட்டை அவர் ஆசைப்பட்டபடி அந்த நாளில் கொண்டுவருவது.

"இந்தப் பதினாறாம் திகதிக்குள்ள நீங்க ஒரு முடிவு சொல்லணும். நான் சொல்றது முதலாவது."

அவர் காகிதத்தை மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாப்பா சாகக்கொள்ள, ஒரு ஏழைட தலைக்கு மேல கூர போட்டுக் குடுடா எண்டுதான் சொன்னாரு. சாவியக் குடுக்கச் சொல்லல்ல." எனக்குப் பாவமாக இருந்தது. பிறகு விரல் மெல்ல இறங்கி மூன்றாவது வழியில் நின்றது. "இது நல்லம். ரெண்டு பக்கமும் சரிவரும். பாதிய நாளைக்கே ஏத்துறேன்."

"மீதி எட்டுக்கும் அதே ஆபத்து அப்படியே இருக்கு ஹாஜியார்."

"அல்லாஹ் இருக்கான் மகள்."

மூன்றாவது வழிக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எட்டு வீட்டுத் தகரமும் வந்து சேர்ந்தது, கந்தப்பன் ஒரே கிழமையில் கூரையைப் போட்டுவிட்டார். ஒன்றாம் நம்பரிலிருந்து எட்டாம் நம்பர் வரை. மீதிக்கு நான் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டேன். இரண்டு முறையும், "இன்னும் கொஞ்ச நாள்தானே மகள்," என்றார்.

நவம்பர் ஐந்தாம் திகதி விழா வேலைக்காகத் தோட்டத்துக்குப் போனேன். ஆறாம் திகதி முழுக்க மழை. ஏழாம் திகதி காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். வளைவு இல்லை. இருபது முழப் பாதை பள்ளத்துக்குள் போய்விட்டது. நடந்து கடக்கவும் வழியில்லை, மேலேயிருந்து மண் விழுந்தபடியே இருந்தது. எங்களை வெளியே கொண்டுபோகவும் ஆளில்லை, உள்ளே எதையும் கொண்டுவரவும் வழியில்லை.

மைதானத்தில் கொட்டில்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஜீவராணி நான்கு மாதக் குழந்தையைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ், நாங்க ஒம்பதாம் நம்பருங்க. தகரம் எட்டு வரைக்குந்தானா?"

வாங்க என்று கூட்டிக்கொண்டு போய் மூன்றாம் நம்பருக்குள் விட்டேன். மாலைக்குள் எட்டு வீட்டுக்குள் பதினாறு குடும்பம். காலை நீட்ட இடமில்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது காதில் விழவில்லை. அழுகிற பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து வெளியே போகலாம் என்றால் வெளியே என்ன இருக்கிறது?

மழை சற்றே ஓய்ந்தபோது எழுந்து வாசலில் நின்று அழைத்தேன்; சிக்னல் கிடைத்த ஒரு கணத்தில் ஹாஜியார் எடுத்தார். அழுதுகொண்டிருந்தார்.

"எட்டு வீட்டுத் தகரம் இஞ்ச கடைக்குள்ள கிடக்கு மகள். பாக்க ஏலாம இருக்கு. நீங்க அன்டைக்கே சொன்னீங்க. நேரத்தோட வந்து எல்லாத்தையும் சொன்னீங்க. ஒங்கள்ல ஒரு பிழையும் இல்ல."

லைன் அறுந்தது.

நேரத்தோடு சொன்னேன் என்பது உண்மை. காரணம் சொன்னேன், விளைவு சொன்னேன். ஆனால் அந்த மூன்றாவது வழியைக் கந்தப்பனும் சொல்லவில்லை, பொறியியலாளரும் சொல்லவில்லை. அது பாதைக்கான வழியே அல்ல. இரண்டு வழி மட்டும் நீட்டினால் ஹாஜியாரின் மனம் நோகுமே என்று, கடைக்குப் போவதற்கு முந்திய நாள் நானாக யோசித்து எழுதிச் சேர்த்தது. அவர் அதைத்தான் எடுப்பார் என்றும் எனக்குத் தெரியும்.

ஜீவராணி நகர்ந்து எனக்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.

"ஒக்காருங்க மிஸ். நீங்க மட்டும் இல்லாட்டி இந்த எட்டுங்கூட வந்திருக்காதாமே."

நான் உட்காரவில்லை.