கோடு மட்டும் முழுசா இருக்கு

கடைத்தெருவில் அவள் கணவனை எல்லோரும் எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கல்லூரியும் கொடுக்காத பட்டம் அது. மொபைல் கடை திறந்த முதல் வாரமே அவனே அதைச் சூட்டிக்கொண்டான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் வீட்டு மிக்சி, இஸ்திரிப் பெட்டி, அவளுடைய கைக்கடிகாரம் என்று அவன் திறந்து பார்த்த எதுவும் மறுபடி ஒழுங்காக மூடிக்கொண்டதில்லை. அவனோ அதற்கெல்லாம் பொருளின் தரத்தைத்தான் குறை சொல்வான்.

அன்று மதியம் ஒன்றேகாலுக்கு அவள் தம்பி மூன்றாவது தடவையாகக் கடைக்குள் நுழைந்தபோது, முகத்தைப் பார்த்தே விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. தம்பி லிப்ட் மெக்கானிக். அவனுடைய கம்பெனி எல்லா ஊழியர்களுக்கும் புது சிம் கொடுத்திருந்தது. இனி வேலை அழைப்பெல்லாம் ஆப்பில்தான் வரும். இரண்டு மணிக்குள் ஆப்பில் அவன் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரியாவிட்டால், பெரிய ஆஸ்பத்திரியின் எட்டு லிப்டுகளும் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். இரண்டு வருஷமாக அவன் காத்திருந்த இடம் அது.

நேற்று சாயங்காலம் சிம்மைப் போட்டுக் கொடுத்தது எஞ்சினியர்தான். போட்டவுடன் ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டி, காற்றாய்ப் பறக்கிறது பார் என்று பெருமையடித்தான். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று தம்பி பார்த்தால், சிக்னல் கோடுகள் நான்கும் விறைப்பாக நின்றன, போன் பேச முடிந்தது, நெட் மட்டும் ஒரு சொட்டு இல்லை. திரும்பக் கடைக்கு வந்தான். கடையில் நெட் ஓடியது. அப்படியானால் போன் கிழடாகிவிட்டது, வெளியில் டவரைப் பிடிக்கத் தெம்பில்லை என்று எஞ்சினியர் தீர்ப்பு எழுதி, அலமாரியிலிருந்து புதுப் போன் ஒன்றை எடுத்து சிம்மை அதில் மாற்றிக் கொடுத்து அனுப்பினான். இப்போது அந்தப் புதுப் போனோடுதான் தம்பி நிற்கிறான்.

"மாமா, இதுலயும் அதே கதைதான்."

எஞ்சினியர் போனை வாங்கி வீடியோவைத் தட்டினான். ஓடியது. மச்சானைப் பரிதாபமாகப் பார்த்தான். கோடு முழுசாக இருக்கிறது, நெட்டும் ஓடுகிறது, கண்ணுக்கு முன்னால் ஓடுவதை இல்லையென்று சாதிக்கிறவனுக்கு என்ன வைத்தியம் செய்வது என்று கேட்டான். லிப்டுக்குள்ளேயே நின்று பழகியவனுக்கு வெட்டவெளியில் போனைப் பிடிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டான். தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

சிம் பதிவு செய்துகொண்டிருந்த அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"அந்தப் போனை இப்படிக் குடுங்க."

"நீ ரீசார்ஜைப் பாரு. இது டெக்னிக்கல்."

"டெக்னிக்கலை ரெண்டு நாளா நீங்க பாத்ததுலதான் அவன் இங்கயே குடியிருக்கான். குடுங்க."

அவன் நீட்டினான். அவள் திரையை மேலிருந்து இழுத்து ஒரு பொத்தானை அணைத்தாள். வீடியோ அதே நொடி நின்று, ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அணைத்தது வைஃபையை. இத்தனை நேரமும் ஓடியது இந்தக் கடையின் வைஃபை. மூலையில் சிணுங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி தருகிற நெட்டை சிம் தருவதாக நினைத்து, ஒரு பழைய போனையும் ஒரு புதுப் போனையும் பரிசோதித்து முடித்திருந்தார் எஞ்சினியர். அவன் பெட்டியைப் பார்த்தான், போனைப் பார்த்தான், பிறகு மேஜை டிராயரைத் திறந்து அவசரமாக எதையோ தேடினான். அதில் ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சிம்மைக் கழற்றித் தன்னுடைய சோதனைப் போனில் போட்டாள் அவள். வெளியூர் சிம்கள் வந்தால் பார்ப்பதற்காக, அடுத்தவர் டவரிலும் நெட் எடுக்க விடுகிற ரோமிங் எப்போதும் திறந்தே இருக்கும் போன் அது. வைஃபை கிடையாது. ஒரு நிமிஷத்தில் நெட் வந்தது. ஆக, சிம்மில் குறையில்லை, கணக்கிலும் குறையில்லை. இரண்டு போனும் ஒரே நாளில் கெட்டுப்போக வழியில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒருவருடைய விரல்கள்தான்.

சிம்மைப் புதுப் போனுக்கே திருப்பி, அமைப்புகளில் ஏபிஎன் பக்கத்தைத் திறந்தாள். போன் நெட்டுக்குப் போகிற வாசலின் முகவரி அது. ஒவ்வொரு சிம் கம்பெனிக்கும் ஒவ்வொரு வாசல்.

"இது யாரு கம்பெனியோட முகவரி?"

"என் போன்ல இருக்கிறது. செம ஸ்பீடு. எல்லாருக்கும் அதைத்தான் போட்டுக் குடுக்கறேன்."

"உங்க சிம் ஒரு கம்பெனி, அவன் சிம் வேற கம்பெனி. நம்ம வீட்டுச் சாவியைக் குடுத்து அவன் வீட்டைத் திறந்துக்கச் சொல்லியிருக்கீங்க."

தம்பி குனிந்து செருப்பைச் சரிசெய்தான். சிரிப்பை மறைக்க அவனுக்கு வேறு இடமில்லை.

அவள் பழைய நிலைக்கு மீட்டமைக்கும் பொத்தானை அழுத்தினாள். எஞ்சினியர் எழுதியது போய், சிம்முக்குரிய முகவரி வந்து உட்கார்ந்தது. ஆனாலும் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. எஞ்சினியருக்கு உயிர் வந்தது. தான் அப்போதே சொன்னதாகவும் போன்தான் கோளாறு என்றும் மறுபடி ஆரம்பித்தான். மணி ஒன்று நாற்பத்திரண்டு.

அவள் கோடுகளின் பக்கத்தில் நின்ற சின்ன 'ஆர்' எழுத்தை விரலால் காட்டினாள். ரோமிங். உள்ளே போய்ப் பார்த்தால், டேட்டா ரோமிங் அணைக்கப்பட்டிருந்தது.

"அதை நான்தான் ஆஃப் பண்ணேன்," என்றான் பெருமையாக. "ரோமிங்னா வெளிநாடு. பில் எகிறிடும்."

"இந்த சிம் கம்பெனிக்குச் சொந்தமா டவரே கிடையாது. இன்னொருத்தர் டவர்ல குடித்தனம் இருக்கு. போனுக்கு எங்க போனாலும் வெளியூர்தான். ரோமிங்கை ஆன்ல வைங்க, உள்ளூர்ல தனிக் கட்டணம் இல்லைன்னு சிம்மோட வந்த தாளிலேயே போட்டிருக்கு. அந்தத் தாளை மடிச்சு மேஜைக் காலுக்கு அண்டக் குடுத்தது யாரு?"

அவன் குனிந்து மேஜைக் காலைப் பார்த்தான். தாள் பத்திரமாக இருந்தது.

அவள் ரோமிங்கைத் திறந்து, போனை அணைத்து மறுபடி போட்டாள். கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன; அவற்றின் பக்கத்தில் முதல் முறையாக '4ஜி' என்ற எழுத்து வந்தது. தம்பி ஆப்பைத் திறந்தான். ஒன்று ஐம்பத்தொன்றுக்கு அவன் பெயருக்கு எதிரே பச்சை எரிந்தது. அவன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். இரண்டு அடித்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து முதல் அழைப்பு வந்தது. நான்காம் மாடியில் கதவு மூட மறுக்கிறதாம். தம்பி படியை மறந்து தெருவில் குதித்தான். புதுப் போனைச் சாயங்காலம் திருப்பித் தருவதாகவும், பழைய போனிலேயே அக்கா இதையெல்லாம் செய்துதர வேண்டும் என்றும் ஓடிக்கொண்டே சொன்னான். மாமாவைத் தொடக்கூட விடாதே என்று அவன் சொல்லவில்லை. ஆனால் மூவருக்கும் அது கேட்டது.

"நான் சொன்னேன்ல, செட்டிங்ஸ் பிரச்சினைன்னு," என்றான் எஞ்சினியர், கொஞ்ச நேரம் கழித்து.

அவள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். போன வாரம் இதே மாதிரி சிம் வாங்கிப் போனவர்கள் பதினொரு பேர். எல்லோருக்கும் வீடியோ ஓட்டிக் காட்டி, கைகுலுக்கி அனுப்பியவன் அவன்தான். பதிவேட்டை அவன் முன்னால் திருப்பி வைத்து, கடை போனை அதன் மேல் வைத்தாள்.

அவன் முதல் எண்ணை அழுத்தினான். "வணக்கம் சார், டவர்ல ஒரு சின்ன கோளாறு இருந்தது..."

அவள் ரீசார்ஜ் சீட்டுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு, சும்மா அவனைப் பார்த்தாள்.

"இல்ல சார்," என்றான் அவன், குரலை இறக்கி. "டவர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பாப் போட்டுக் குடுத்துட்டேன். கடைக்கு வாங்க, என் வீட்டம்மா சரி பண்ணிடுவாங்க."

எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, எஞ்சினியரின் காது மடல் சிவந்தது. இன்னும் பத்துப் பேர் பாக்கி.