ஜாய் கொடுத்த வைஃபை சீட்டு

நாலு பத்துக்கு நானும் கவிப்பிரியாவும் ஒரகடத்தில் கொரியர்கள் தங்கும் விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசை முன் நின்றோம். ஐந்து மணிக்குள் அவள் தனக்குக் கிடைத்த கல்லூரி இடத்துக்கு இணையத்தில் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் இடம் அடுத்த மாணவருக்குப் போய்விடும்.

கவிப்பிரியா என் மனைவி கலைமணியின் தங்கை. கலைமணி பிப்ரவரியில் இறந்தாள். நான்கு நாள் காய்ச்சல், பிறகு இல்லை. அதன் பிறகு என் மாமனார் கோதண்டம் சின்ன மகளைக் கடைக்குக்கூடத் தனியாக அனுப்புவதில்லை. கிடைத்த கல்லூரி கோயம்புத்தூரில். ஒன்றரை நாள் அவர் எதுவும் சொல்லவில்லை. இன்று மதியம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, போகட்டும் என்றார்.

அதற்குள் போன் செத்துவிட்டது. பதினோரு மணிக்குச் சாலை விரிவாக்க வேலையில் பொக்லைன் ஒன்று கேபிளை அறுத்திருந்தது. எந்த சிம்மிலும் அழைப்பு போகவில்லை, மெசேஜ் வரவில்லை, நெட் இல்லை. நான் வேலை செய்யும் உதிரிபாக ஆலைக்கும் அதே கேபிள்தான். பிரவுசிங் சென்டர் ஷட்டரை இறக்கியிருந்தது. படப்பை பக்கம் போகலாம் என்று பைக்கைத் திருப்பினால் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. இந்த விடுதிக்கு மட்டும் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து தனி கேபிள் வருகிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஆலைக்கு ஆய்வுக்கு வரும் கொரிய இன்ஜினியர்களை இங்கே கொண்டுவந்து விடுவது என் வேலைகளில் ஒன்று.

வரவேற்பில் இருந்த ஜாய்க்கு என்னைத் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். வெளியாளுக்கு வைஃபை தரக்கூடாது என்பது விதி என்றாள். மேலாளர் சென்னைக்குப் போயிருக்கிறார், கம்ப்யூட்டர் அவருடைய பாஸ்வேர்டில் பூட்டியிருக்கிறது, தங்கியிருப்பவர்கள் எல்லாரும் ஆலையில், ஆறரைக்குத்தான் வருவார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே கவிப்பிரியாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்தாள். ரசீது அகலத்தில் ஒரு சீட்டு. தங்கியிருப்பவர்களைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தருவது, ஒரு மணி நேரத்துக்கு. ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

என் போனில் திரை பெரிது. அதை வெளியே எடுத்தேன். ஜாய் கையை நீட்டித் தடுத்தாள்.

"அண்ணா, உன் போன்ல போட்டுப் பாக்காத. ஒரு சீட்டு ஒரு போனுக்குத்தான். எது மொதல்ல உள்ள போவுதோ அதோட ஒட்டிக்கும். அப்புறம் என்னால எடுக்க முடியாது."

கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வுப் பக்கத்தின் பாஸ்வேர்டு கவிப்பிரியாவின் போனில்தான் சேமித்திருந்தது. அதையே வைஃபையில் இணைத்தோம். 'இணைந்தது, இணையம் இல்லை' என்று வந்தது. வேறு எதுவும் வரவில்லை. அவள் கல்லூரிப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தாள். வெள்ளையாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

போனில் விளம்பரத்தைத் தடுக்க ஏதாவது போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். தோழி ஒருத்தி செட்டிங்கில் ஏதோ எழுதிக் கொடுத்ததாகச் சொன்னாள். தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற இடத்தில் இருந்தது. போன் அந்த வெளி முகவரியைத்தான் தேடும். உள்ளே விடும் வரை விடுதி வெளியே எதையும் தேட விடாது. அதை அணைத்து வைஃபையை மறுபடி போட்டதும் 'நெட்வொர்க்கில் உள்நுழைக' என்று ஓர் அறிவிப்பு இறங்கியது. தொட்டாள். பக்கம் திறந்தது.

முழுவதும் கொரிய மொழி.

மொழி மாற்றும் பொத்தான் எதுவும் இல்லை. படம் பிடித்து மொழிபெயர்க்கும் செயலி என் போனில் இருந்தது. கேமராவைக் காட்டினேன். கொரிய மொழியைத் தரவிறக்கு என்றது. தரவிறக்க நெட் வேண்டும். போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"அக்கா, இதுல இன்னா எழுதிகீது?" கவிப்பிரியா ஜாயைக் கேட்டாள்.

"எனக்கு வணக்கமும் நன்றியும்தான் தெரியும். அவங்களே வருவாங்க, அவங்களே போட்டுக்குவாங்க. நான் சாவி மட்டும் குடுப்பேன்."

நாலு இருபத்து மூன்று.

பக்கத்தின் மேலே மூன்று தலைப்புகள் அடுத்தடுத்து இருந்தன. முதலாவது திறந்திருந்தது. அதன் கீழே இரண்டு கட்டங்கள். தங்குகிறவர்கள் அறை எண்ணும் பெயரும் போடுவார்கள் என்று ஜாய் சொன்னாள். அப்படியானால் அது எங்களுக்கில்லை. இரண்டாவதைத் தொட்டேன். முன்னால் +82 என்று போட்டு ஓர் எண் கேட்டது. போன் எண். மூன்றாவதில் ஒரே ஒரு கட்டம். சீட்டின் தலையில் பெரிதாகக் கொரிய எழுத்தில் ஒரு சொல் இருந்தது. அதை மூன்றாவது தலைப்பின் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். வட்டம் இருக்கும் இடத்தில் வட்டம், கோடு இருக்கும் இடத்தில் கோடு. ஒன்றுதான்.

கவிப்பிரியா சீட்டிலிருந்த எட்டு எழுத்துகளையும் எண்களையும் அடித்தாள். கீழே பொத்தான் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினால் அசையவில்லை. பொத்தானுக்கு மேலே நீளமான ஒரு பெட்டியில் பொடி எழுத்து. அது நிபந்தனைகள் என்று யாருக்கும் தெரியும். அதன் கீழே டிக் போட மூன்று கட்டங்கள்.

எல்லாவற்றிலும் டிக் போடு என்றேன்.

ஆலையில் ஆறு வருடமாகப் பாகங்களைச் சோதித்து செக் ஷீட் நிரப்புகிறேன். லைனில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் சூப்பர்வைசர் அந்த ஷீட்டையே திருப்பிவிடுவார். யோசிக்காமல் வாயில் வந்தது அதுதான். அவள் மூன்றையும் தொட்டாள்.

மூன்றாவதைத் தொட்டதும் அதன் கீழே புதிதாக ஒரு கட்டம் விரிந்தது. மறுபடி ஒரு போன் எண். இந்த முறை நாடு தேர்ந்தெடுக்க இடம் இருந்தது. கொடிகளில் நம்முடையதைத் தேடி, தன் எண்ணைப் போட்டு, பக்கத்திலிருந்த சின்னப் பொத்தானை அமுக்கினாள். சிவப்பில் 3:00 தோன்றியது. பிறகு 2:59, 2:58.

"ஓடிபி வரும் மாமா."

எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம் போனபின் மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்க்க அவள் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போனாள். மெசேஜ் இல்லை. திரும்பினால் பக்கமும் இல்லை. அந்தச் சின்ன ஜன்னல் அப்படித்தான், விட்டுப் போனால் மூடிக்கொள்ளும். வைஃபையை அணைத்துப் போட்டு, மறுபடி மூன்றாவது தலைப்பு, எட்டு எழுத்து, மூன்று டிக், போன் எண். சீட்டு இன்னும் உள்ளே போகவில்லை என்பதால் மறுபடி எடுத்துக்கொண்டது. அது ஒன்றுதான் நல்லது.

மறுபடி 3:00.

நாலு முப்பத்தாறுக்கு ஜாய் மெதுவாகச் சொன்னாள்.

"டவரே இல்லையே எழில் அண்ணா. மெசேஜு எப்படி வரும்?"

கவிப்பிரியா போனை மேசை மேல் வைத்தாள். அழவில்லை. அப்பா நேற்றே சொல்லியிருக்கலாம் என்றாள். பிறகு, அக்கா இருந்திருந்தால் முந்தாநாளே சொல்ல வைத்திருப்பாள் என்றாள்.  ஆமாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

போனை எடுத்து அந்த மூன்று கட்டங்களை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் முன்னாலும் அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்து. முதல் இரண்டு வரியிலும் அதே இரண்டு எழுத்து, சிவப்பு. மூன்றாவதில் வேறு இரண்டு எழுத்து, சாம்பல்.

சிவப்பில் இருந்ததை எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாது, பார்க்கத் தெரியும். ஆலையின் கொரிய வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடங்களில் சில அளவுகளுக்குப் பக்கத்தில் அந்த முத்திரை இருக்கும். அந்த அளவு தப்பினால் அந்த லாட் முழுவதும், ஒரு பெட்டிகூட, ஆலை கேட்டைத் தாண்டாது. கட்டாயம். அது இல்லாத அளவுகளைக் குறித்து யாரும் கேட்டதில்லை.

"மூணாவது டிக்கை எடு."

"காலியா வுட்டா ஒத்துக்குமா மாமா?"

"எடு."

எடுத்தாள். போன் எண் கட்டம் மடிந்து மறைந்தது. சிவப்பு எண் போயிற்று. கீழே பொத்தான் நீலமானது. முதலிலேயே இரண்டு டிக்கோடு அது நீலமாகியிருக்கும். நான்தான் மூன்றாவதையும் போடச் சொன்னேன்.

அவள் விரல் பொத்தானின் மேல் நின்றது. எதுக்கு ஒத்துக்கிறோம்னு தெரியலையே என்றாள். எனக்கும் தெரியாது. அந்தப் பெட்டியில் நாற்பது வரி இருக்கும். நாங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று எழுதி வைப்பார்கள், தப்பானது எதையும் திறக்கக்கூடாது என்று இருக்கும். இருக்கலாம். படிக்கத் தெரிந்த மொழியில் இருந்தாலும் நான் படித்ததில்லை. அமுக்கு என்றேன்.

ஒரு வட்டம் சுற்றியது. பிறகு ஒரு போனுக்கு 1/1 என்றும் ஒரு மணி நேரத்துக்கு 60:00 என்றும் ஒரு பக்கம் வந்து 59:59 ஆனது. போனின் மேலே வைஃபை குறியிலிருந்த ஆச்சரியக்குறி மறைந்தது.

நாலு நாற்பத்து நாலு.

கல்லூரிப் பக்கம் மெதுவாகத் திறந்தது. கடைசி நேரத்தில் ஊரே அதில் ஏறியிருக்கும். ஒரு தடவை பாதியில் நின்றது. புதுப்பிக்காதே, பொறு என்றேன். நாலு ஐம்பத்து ஒன்றுக்கு அவள் பெயர், கல்லூரி, பாடப்பிரிவு வந்தன. கீழே தேர்வுகள். அவள் வாய்விட்டுப் படித்தாள். இந்த இடத்தை ஏற்றுச் சேர்கிறேன். இந்த இடத்தை ஏற்று, மேலான விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன். இந்த இடம் வேண்டாம்.

அவளுடைய விருப்பப் பட்டியலில் கோயம்புத்தூருக்கு மேலே இரண்டு கல்லூரிகள் இருந்தன. இரண்டும் தாம்பரத்தைத் தாண்டவில்லை. மாமனார் கேட்டு எழுத வைத்தவை. காத்திருந்தால் அதில் ஒன்று கிடைக்கலாம். கிடைத்தால் கோயம்புத்தூர் தானாகவே போய்விடும்.

"அப்பா எதைச் சொன்னார்?"

"போகட்டும்னு மட்டும்தான் சொன்னாரு. இதெல்லாம் அவருக்குத் தெரியாது."

அவரைக் கேட்க வழியில்லை. நாலு ஐம்பத்து மூன்று. அவள் என்னைப் பார்த்தாள்.

"மாமா, எதைப் போடட்டும்?"

காத்திரு என்பது வாய் வரை வந்தது. அவள் பக்கத்தில் இருந்தால் மாமனார் வீட்டில் விளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்க ஆள் இருக்கும். மாமனாருக்கும் அதுதான் நல்லது என்று யாரும் சொல்வார்கள்.

"ஒனக்குப் படிக்கத் தெரியுற பக்கம்தானே. மறுபடி ஒரு தடவை படி. நீயே போடு" என்றேன்.

படித்தாள். இந்த முறை உதடு மட்டும் அசைந்தது. முதலாவதைத் தொட்டாள். உறுதியா என்று கேட்டது. ஆம் என்றாள். நாலு ஐம்பத்தைந்துக்கு ஒப்புதல் ஏற்கப்பட்டது என்று வந்தது. அவள் அதைத் திரையில் படமாகப் பிடித்து வைத்தாள். ஜாய் சீட்டைக் கணக்கில் எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு கவிப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்து பைக்கை எடுத்தேன். அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா என்று கவிப்பிரியா பின்னாலிருந்து கேட்டாள். நீ சொல், நான் கூட நிற்கிறேன் என்றேன். லாரிகள் இன்னும் நகரவில்லை. ஓரமாக மண்ணில் இறக்கி ஓட்டினேன்.